30 சதவீதமா, 500 ரூபாயா?

தீபாவளி நெருங்கினால் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி வந்துவிடும். அதே தெருவில் இருக்கும் தனியார் ஜவுளிக்கடை வேறு கணக்குப் போடும்: ‘2,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் 500 ரூபாய் தள்ளுபடி.’ இந்த இரண்டில் எது வாங்குபவரை உள்ளே இழுக்கும் என்பது, எடுக்கப்போகும் துணியின் விலையைப் பொறுத்தது.

12,000 ரூபாய் பட்டுச்சேலைக்கு 15 சதவீதம் குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 என்ற எண் பெரிதாகத் தெரிவதில்லை. ‘1,800 ரூபாய் குறைவு’ என்று எழுதினால் கை தானாகப் பையைத் தேடும். பிள்ளைகள் இருவருக்குச் சட்டை எடுத்துவிடலாமே!

அமெரிக்கச் சந்தைப்படுத்தல் பேராசிரியர் ஜோனா பெர்கர் இதற்கு ‘நூறு விதி’ என்று ஒன்றைச் சொல்கிறார். விலை நூறுக்குக் கீழே என்றால் சதவீதத்தில் சொல். மேலே போனால் தொகையாகச் சொல். எண் எதில் பெரிதோ அதுவே எடுபடும்.

டாலருக்குப் பொருந்தும் இந்த விதி நம் ஊர் ஜவுளிக்கடையில் அப்படியே செல்லாது. கைக்குட்டை, உள்ளாடை தவிர நூறு ரூபாய்க்குள் இங்கே என்ன கிடைக்கிறது? விதியை நம்பினால் எல்லாவற்றையும் ரூபாயில்தான் எழுத வேண்டும். 300 ரூபாய் டீ-சர்ட்டுக்கு 20 சதவீதம் என்றால் 60 ரூபாய். 20-ஐ விட 60 பெரிய எண்தான். ஆனால் ‘60 ரூபாய் தள்ளுபடி’ என்று தட்டி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; ஒரு பிரியாணிகூட வாங்க முடியாத காசு அது. அங்கே ‘20%’ என்பதே எடுப்பாக இருக்கும். மிச்சமாகும் பணத்தில் உருப்படியாக ஏதாவது வாங்க முடியும் என்ற நிலை வந்த பிறகுதான் ரூபாய்க் கணக்குக்கு வலு வருகிறது.

குடும்பமாக வருபவர்களிடம் ‘2,000-க்கு 500’ இன்னொரு வேலையும் செய்யும். 1,650 ரூபாய்க்கு எடுத்து முடித்தவர்களிடம், “இன்னும் 350-க்கு எடுத்துட்டீங்கன்னா 500 கழியும்க்கா” என்பார் விற்பனைப் பெண். 380 ரூபாய் லெக்கின்ஸ் ஒன்று கூடையில் விழும். பில் 2,030, கழிவு போக 1,530. கூடுதலாக ஒரு துணி, செலவோ 120 ரூபாய் குறைவு. வாங்குபவருக்கு இது உண்மையான லாபம். கடைக்கும் ஒரு துணி கூடுதலாக விற்றது.

பில் ஏறஏற நிலைமை மாறும். 2,000-க்கு 500 என்றால் 25 சதவீதம். அதே 500 ரூபாய் 3,900 ரூபாய் பில்லில் 13 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பக்கத்துக் கடையில் வெறும் 20 சதவீதம் என்று போட்டிருந்தாலும் அங்கே 780 ரூபாய் கழிந்திருக்கும். அதனால் கவுன்ட்டருக்குப் போகுமுன் கேட்க வேண்டியது, ஒவ்வொரு 2,000-க்கும் 500 உண்டா, மொத்தப் பில்லுக்கே ஒரு 500தானா என்பது. ஒரே ஒரு 500தான் என்றால், துணிகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் 2,000-க்குக் குறையாத இரண்டு பில்லாகப் போடச் சொல்லலாம். தட்டியின் அடியில் பொடி எழுத்தில் அதற்குத் தடை இல்லாவிட்டால்.