கோடா, இடைவெளியா?

கீபோர்டு, பியானோ கற்கும் பிள்ளைகள் தியரி தேர்வுக்குப் படிக்கையில், வெள்ளைத் தாளில் கையாலேயே ஐந்து கோடு போட்டு, சுரங்களை எழுதிப் பழகுவதுண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் பெயர், இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம், அதாவது இன்டர்வல், இவ்வளவுதான் கேள்வி. திருத்த உட்காருகிறவர் விடையைப் பார்க்கும் முன் படத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் கோடு ஐந்துதானா என்று எண்ணிவிடுவது நல்லது. கையால் போடும்போது ஆறாவதும் வந்துவிடும். அடுத்தது ட்ரெபிள் க்ளெஃப். அதன் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி வரவேண்டும். அந்தக் கோடுதான் ஜி. அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு என்று மாறி மாறி ஏறினால் ஏ, பி, சி, டி. சுரத்தின் தலை குண்டாகிவிட்டால் எந்த இடம் என்றே தெரியாது. கோட்டுச் சுரம் என்றால் கோடு தலையின் நடுவே ஓட வேண்டும். இடைவெளிச் சுரம் என்றால் இரு கோடுகளுக்குள் அடங்க வேண்டும்.

இனி ஒரு விடையைப் பார்ப்போம். மூன்றாவது இடைவெளியில் சி, அடுத்த கோட்டில் டி ஷார்ப். மாணவர் 'மைனர் தேர்டு' என்று எழுதியிருக்கிறார். கீபோர்டில் சி-யிலிருந்து மூன்று செமிடோன் மேலே போனால் அந்தக் கட்டைதான் வரும். மைனர் தேர்டுக்கும் மூன்று செமிடோன்தான். ஆனாலும் விடை தவறு. இன்டர்வலின் எண்ணை எழுத்துகள்தான் தீர்மானிக்கும், தொடக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்: சி ஒன்று, டி இரண்டு. ஆகவே இது செகண்டு. மேஜர் செகண்டுக்கு இரண்டு செமிடோன். இதில் ஒன்று கூடியிருப்பதால் ஆக்மென்டட் செகண்டு. அதே கட்டையை ஈ ஃப்ளாட் என்று எழுதியிருந்தால் சி, டி, ஈ என மூன்று எழுத்து. அப்போது மைனர் தேர்டு சரி.

இந்தப் பிழையை எண்ணாமலே பிடிக்கலாம். தேர்டு, ஃபிஃப்த், செவன்த் மூன்றிலும் இரு சுரங்களும் கோட்டில் இருக்கும், அல்லது இரண்டும் இடைவெளியில் இருக்கும். செகண்டு, ஃபோர்த், சிக்ஸ்த், ஆக்டேவ் என்றால் ஒன்று கோட்டில், மற்றது இடைவெளியில். நம் சி இடைவெளியில், டி கோட்டில். 'தேர்டு' ஆக வழியே இல்லை.

ஆனால் மேஜரா மைனரா என்பதை இந்த வழி சொல்லாது. அதற்கு செமிடோனை எண்ணியே ஆகவேண்டும். அப்போது ஷார்ப், ஃப்ளாட் குறியின் இடத்தையும் பார்க்க வேண்டும். குறியின் நடுப்பகுதி சுரத்தின் உயரத்திலேயே, அதற்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினால் பக்கத்துச் சுரத்துக்குரியதாகத் தெரியும்.

மதிப்பெண் போடும்போது இன்னொன்று. மாணவர் சுரத்தின் பெயரைத் தவறாகப் படித்து, அந்தப் பெயருக்குச் சரியான இன்டர்வலை எழுதியிருக்கலாம். அவருக்கு இன்டர்வல் கணக்கு தெரிகிறது, கோடு படிப்பதில்தான் தடுமாற்றம். அவருக்குக் கொடுக்க வேண்டிய அடுத்த பயிற்சி, சுரப்பெயர் மட்டும்.