காசு போகும் பாதை – 9
மாறிப் போன காசுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு மீன்பிடி உபகரணக் கடை என்று வைத்துக்கொள்வோம். வலை, கயிறு, ஈயம், மிதப்பு எல்லாம் கொழும்பு மொத்த வியாபாரியிடமிருந்து வருகிறது. காலை 9.40க்குக் கடைக்காரர் கைத்தொலைபேசியில் 187,500 ரூபா அனுப்புகிறார். 4571 என்று முடிய வேண்டிய கணக்கிலக்கத்தை 4517 என்று தட்டிவிடுகிறார். மத்தியானம் கொழும்பிலிருந்து அழைப்பு: "அண்ணை, காசு இன்னும் வரேல்லையே?"

இலங்கையில் 2015 முதல் வங்கிகளுக்கிடையே உடனடிப் பணப் பரிமாற்றம் இருக்கிறது. லங்காபே நடத்தும் அந்த வழியில் காசு சில வினாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். காசைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வங்கிக் குறியீடும் கணக்கிலக்கமுமே. பெறுபவர் பெயர் என்று நாம் தட்டுவதை மறுமுனையில் யாராவது ஒத்துப் பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது. அப்படி ஒரு கணக்கே இல்லாவிட்டால் காசு திரும்பி வந்துவிடும். அந்த இலக்கத்தில் யாருக்கோ கணக்கு இருந்தால்தான் வில்லங்கம்.

கடைக்காரருக்கு வரும் முதல் கோபம் தன் வங்கி மீதுதான். "பிழை என்று நானே சொல்லுறன், எடுத்துத் தர வேண்டியதுதானே?" எடுக்க முடியாது. காசு இப்போது இன்னொரு வங்கியில், இன்னொருவர் கணக்கில் இருக்கிறது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் சம்மதம் அல்லது நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அதில் கைவைக்கத் தயங்கும். தயங்குவது நியாயமும்கூட. யாரோ ஒருவர் 'பிழையாக அனுப்பிவிட்டேன்' என்று சொன்ன உடனே வங்கி காசை எடுத்துக் கொடுக்குமென்றால், சாமானை வாங்கிக்கொண்டு காசையும் திருப்பி எடுக்கிற ஆட்கள் நாளைக்கே கிளம்பிவிடுவார்கள். ஆகவே மீளப்பெறல் என்பது ஒரு வேண்டுகோள். நம் வங்கி மற்ற வங்கியைக் கேட்கும், அந்த வங்கி தன் வாடிக்கையாளரைக் கேட்கும். இந்த இரண்டு கேள்விகளும் தடங்கலின்றி நடக்க உதவுவதுதான் கடிதத்தின் வேலை.

கடிதத்துக்கு முன் தொலைபேசி. வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை வாங்க வேண்டும். பிறகு கிளைக்குப் போய் இப்படி ஒன்றைக் கொடுக்கலாம்:

"முகாமையாளர் அவர்கட்கு,

பிழையான கணக்குக்கு அனுப்பிய பணத்தை மீளப் பெறக் கோரல்

உங்கள் கிளையிலுள்ள எனது நடைமுறைக் கணக்கிலிருந்து இன்று காலை 9.40க்கு 187,500 ரூபாவைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் அனுப்பினேன். பரிமாற்ற இலக்கமும் நான் தட்டிய கணக்கிலக்கமும் இணைத்துள்ள பற்றுச்சீட்டில் உள்ளன. அந்தக் கணக்கிலக்கம் 4517 என்று முடிகிறது. நான் அனுப்ப வேண்டியிருந்தது 4571 என்று முடியும் கணக்குக்கு. அது எனக்குச் சரக்கு தரும் வியாபாரியின் கணக்கு. அவரது விலைப்பட்டியலில் அச்சிடப்பட்டுள்ளது. கடைசி இரண்டு இலக்கங்களை நான் மாற்றித் தட்டியதே பிழைக்குக் காரணம்.

பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் உரிமையாளரை நான் அறியேன். அவருக்கு நான் எந்தப் பணமும் கொடுக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து பொருளோ சேவையோ பெற்றதுமில்லை.

பெறுநர் வங்கியை இன்றே தொடர்புகொண்டு, அந்தத் தொகையைத் தம் விதிகளுக்கு உட்பட்டு நிறுத்திவைக்குமாறும், கணக்கு உரிமையாளரின் சம்மதம் பெற்றுத் திருப்பி அனுப்புமாறும் கேட்பீர்களாக. இதற்காக எனது பெயர், தொலைபேசி இலக்கம், இக்கடிதம் ஆகியவற்றை அந்த வங்கிக்கும் கணக்கு உரிமையாளருக்கும் கொடுக்கச் சம்மதிக்கிறேன். பெறுநர் வங்கி பொறுப்புறுதிப் பத்திரம் கேட்டால் கையொப்பமிடவும், உரிய கட்டணத்தைச் செலுத்தவும் தயாராக உள்ளேன். அவர்களுடைய பதிலை எனக்கு எழுத்தில் அறியத் தரவும்."

இதில் 'எந்தப் பணமும் கொடுக்க வேண்டியதில்லை' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. அதை நான் விடவே மாட்டேன். பெறுநர் வங்கிக்கு வருகிற முதல் சந்தேகமே, இது பிழையா அல்லது கொடுக்கல்வாங்கல் சண்டையா என்பதுதான். சண்டை என்று தோன்றினால் கோப்பைக் கட்டி ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். விலைப்பட்டியலை இணைப்பதும் இதற்காகவே. இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் பிழை விளங்கிவிடும்.

'பெயரைச் சொல்லுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்' என்று கேட்பது வீண். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்க வங்கி ஊழியர்கள் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். அதனால்தான் எதிர்த்திசையில், நம் பெயரையும் இலக்கத்தையும் கொடுக்கச் சம்மதிக்கிறோம். நல்ல மனிதராக இருந்தால் அவரே அழைத்துவிடுவார். 'மோசடி' என்ற சொல்லையும் தவிர்க்கலாம். பிழை நம்முடையது, காசு வந்தவர் இன்னும் எதையும் செய்யவில்லை.

அவசரம் ஏன் என்பதற்கு இலங்கை சம்பந்தப்பட்ட பெரிய உதாரணம் ஒன்று உண்டு. அது திருட்டு, பிழையல்ல. ஆனாலும் மீளப்பெறும் பாதை ஒன்றுதான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் ஊடுருவிகள் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போலிக் கட்டளைகள் அனுப்பினார்கள். 101 மில்லியன் டொலர் வெளியே போனது. அதில் 20 மில்லியன் கொழும்பிலுள்ள பான் ஏசியா வங்கியில் ஓர் அமைப்பின் கணக்குக்கு வர இருந்தது. தொகை வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தது, பெயரிலும் எழுத்துப்பிழை. இடையிலிருந்த டொயிச் வங்கி விளக்கம் கேட்டது. காசு திரும்பிப் போனது. மீதி 81 மில்லியன் மணிலாவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனது. நிறுத்தச் சொல்லிச் செய்தி போன திங்கட்கிழமை, பெப்ரவரி 8, அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. அடுத்த நாள் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது.

நம் கடைக்காரருக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரமும் போயா விடுமுறையும் அப்படித்தான். இன்னோர் இடைஞ்சலும் உண்டு. காசு போன கணக்கு மேலதிகப் பற்றில் இருந்தால், 187,500 ரூபாவும் அந்தக் கடனைக் குறைத்துக்கொண்டு மறைந்துவிடும். எடுத்துக் கொடுக்க அங்கே மீதி இருக்காது.

கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. வங்கி அசையாவிட்டால் அடுத்தது இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். இன்னொன்று, வங்கி தாமதித்தது அல்லது பதில் தரவில்லை என்றால்தான் இங்கே போவதில் பலன். காசு வந்தவர் 'தரமாட்டேன்' என்றால் திணைக்களத்தால் அவர் கணக்கைத் திறக்க முடியாது.

அப்போது மிஞ்சுவது பொலிஸும் நீதிமன்றமும். தனக்குரியதல்ல என்று தெரிந்த பிறகும் காசை நேர்மையற்ற நோக்கோடு செலவழிப்பது குற்றமாகலாம். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அதுதான் ஆதாரம். குடியியல் பக்கத்தில், நம் நாட்டில் இன்றும் வழங்கும் உரோம-டச்சுச் சட்டப்படி, கொடுக்க வேண்டியிராமல் தவறுதலாகக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். பிழை என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு செலவழித்துவிட்டேன் என்று எதிராளி வாதாடக்கூடும். எனவே அவருக்குப் பிழை எப்போது தெரியவந்தது என்பதே அங்கே பெரிய கேள்வியாக வரும். அவருடைய வங்கி அவரை அழைத்துச் சம்மதம் கேட்ட திகதி, எழுத்தில் வந்த அந்தப் பதிலில் இருக்கும்.

(தொடரும்)