போக்கு எங்கே முறிகிறது?

பங்குச் சந்தையில் விலை நேர்கோட்டில் போவதில்லை. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் உருவாகும் உச்சங்களும் பள்ளங்களும் அமையும் வரிசையே சந்தையின் கட்டமைப்பு. ஒவ்வொரு புதிய உச்சமும் முந்தையதைவிட உயரமாகவும், ஒவ்வொரு பள்ளமும் முந்தையதைவிட மேலாகவும் அமைந்தால் அது ஏறுமுகம். இரண்டுமே முந்தையவற்றைவிடத் தாழ்ந்துகொண்டே போனால் அது இறங்குமுகம்.

ஏறுமுகத்தில் உச்சத்தைவிடக் கடைசிப் பள்ளத்தைக் கவனிப்பதே முக்கியம். இறங்கிய விலை அங்கேதான் வாங்குபவர்களால் தடுக்கப்பட்டுத் திரும்பியது. அந்த இடமே உடைந்தால், முன்பு தாங்கியவர்கள் இப்போது அங்கே இல்லை என்று பொருள். இதைத்தான் கட்டமைப்பு முறிவு என்கிறார்கள்.

2020-இன் தொடக்கத்தில் நிஃப்டியில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. டிசம்பர் பள்ளத்துக்கு மேலே, ஜனவரி 8-இல் ஏறத்தாழ 11,930-இல் ஒரு பள்ளம் அமைந்தது. அங்கிருந்து ஏறி ஜனவரி 20-இல் 12,430 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. அதுவரை ஏறுமுகத்துக்குக் குறையில்லை. பிப்ரவரி 1, பட்ஜெட் நாள். குறியீடு 11,930-ஐ உடைத்து 11,660 அருகே முடிந்தது. முதல் முறிவு அதுதான்.

ஆனால் முறிவு கண்டதும் விற்றவர்கள் அடுத்த இரு வாரங்கள் தவித்திருப்பார்கள். 11,614 வரை இறங்கிய நிஃப்டி சட்டென்று திரும்பி 12,246 வரை ஏறியது. பழைய உச்சத்தை மட்டும் அது தாண்டவில்லை. முறிவுக்குப் பின் வரும் இந்தத் தாழ்ந்த உச்சம்தான், எழுச்சி வலுவிழந்துவிட்டது என்பதற்கு அழுத்தமான சான்று. அது பழைய உச்சத்தைக் கடந்திருந்தால் பிப்ரவரி 1-இன் முறிவு பொய்த்துப் போயிருக்கும்.

அடுத்து கவனிக்க வேண்டிய எல்லை 11,614. கொரோனா அச்சம் பரவிய பிப்ரவரி 27 அன்று வர்த்தகத்தின் நடுவே விலை அதற்குக் கீழே போனாலும், முடிவில் மீண்டு மேலே நின்றது. மறுநாளோ 11,202-இல் முடிந்தது. நாளின் நடுவே எட்டிப் பார்ப்பதைவிட முடிவு விலை உடைப்பதையே பலர் நம்புவது இதனால்தான். மார்ச் 24-இல் நிஃப்டி 7,511 வரை சரிந்தது.

முறிவு சரிவின் ஆழத்தைச் சொல்லாது, காரணத்தையும் சொல்லாது. பிப்ரவரி 1-இன் வீழ்ச்சி பட்ஜெட் ஏமாற்றத்தால் வந்தது. பெருஞ்சரிவு தொற்றால் வந்தது. இன்னொரு வரம்பும் உண்டு. பள்ளம் பள்ளமென்று தெரிவதே விலை அங்கிருந்து மேலேறிய பிறகுதான். பதினைந்து நிமிட வரைபடத்தில் ஒரே நாளில் பலமுறை முறிவு வரலாம். தினசரி வரைபடத்தில் அவற்றின் சுவடே இருக்காது. ஆகவே எந்த வரைபடத்தில் போக்கைப் பார்த்தார்களோ, அதே வரைபடத்தின் பள்ளம் உடைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.