ஒரு சொற்பொழிவும் பல குறும்பதிவுகளும்

கல்லூரி மண்டபத்தில் நிகழும் சொற்பொழிவொன்றைக் கேட்போர் நூறு பேரளவினராவர். அதனாற் பயன்பெற வேண்டியோரோ பெரும்பாலும் அம்மண்டபத்துக்கு வெளியே இருப்பர். ஆதலின், ஒரே சொற்பொழிவைச் சில குறும்பதிவுகளாகவும் செய்திமடற் குறிப்பொன்றாகவும் ஆக்கி, வட்ஸ்அப் குழுக்கள், முகநூல், மின்னஞ்சல் ஆகியவற்றின் வாயிலாகப் பலருக்கும் அனுப்பும் வழக்கம் இப்போது சங்கங்கள் பலவற்றிற் காணப்படுகின்றது. அதனைச் செய்யும் முறை யாது, தவறு எவ்விடத்தில் நேரும் என்பவற்றை ஓர் உதாரணங்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரைப்பற்றி அறிஞர் ஒருவர் நாற்பது நிமிடம் உரையாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படையைப்பற்றிக் கூறுவார். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. மழைநீரே கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அடுத்து, தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளினூடே இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றன என்பார். பின்னர் அது பச்சிளங் குழந்தைக்கு விளைக்கும் தீங்கையும், நீரைப் பரிசோதிக்கும் முறையையும், செய்யத்தக்கனவற்றையும் கூறி முடிப்பார். நிமிடத்துக்கு நூறு சொல்லெனக் கொண்டால் இவ்வுரை 4000 சொற்களாகும். ஒரு குறும்பதிவோ எண்பது சொல்லைத் தாண்டுதல் ஆகாது. கைத்தொலைபேசியில் நீண்ட செய்தியின் முற்பகுதி மாத்திரமே முதலிற் றோன்றும். எஞ்சியதைத் திறந்து படிப்போர் சிலரே.

செய்ய வேண்டிய முதல் வேலை சுருக்குதலன்று. ஒலிப்பதிவைக் கேட்டு உரை முழுவதையும் எழுத்தில் வடித்து, அதனைச் சொற்பொழிவாளரிடம் காட்டித் திருத்தம் பெற்று, திகதியிட்டு, யாவரும் காணத்தக்க ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். இதனை மூலப்படி எனலாம். பின்னர் வெளிவரும் ஒவ்வொரு பதிவின் ஈற்றிலும் மூலப்படி இருக்குமிடம் குறிக்கப்படல் வேண்டும்.

அடுத்து, மூலப்படியிலுள்ள கூற்றுகளை மூன்றாக வகுக்க வேண்டும். முதலாவது வகை, படிப்பவர் உடனே செய்யத்தக்க ஒன்றைச் சொல்லும் கூற்று. இரண்டாவது, ஒன்றன் காரணத்தை விளக்கும் கூற்று. மூன்றாவது, முன்னும் பின்னும் உள்ளவற்றை இணைப்பதற்காக மாத்திரம் வரும் கூற்று. குறும்பதிவுக்கு உரியவை பெரும்பாலும் முதல்வகைக் கூற்றுகளே. இரண்டாம் வகையிற் சில தனித்து நிற்கும், பல நில்லா. நம் உதாரணத்திலே தனித்து நிற்பவை நான்கெனலாம்: குழந்தையின் பாலுக்கு உதவும் நீர், பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம், கோடையில் அளவறிந்து இறைத்தல்.

இனி, வெட்டும்போது நேரும் தவறுகளைப் பார்ப்போம். பேச்சிலே ஒரு கூற்றும் அதற்குரிய விலக்கும் அடுத்தடுத்து வரும். மண்டபத்திலிருப்போர் இரண்டையும் கேட்பர். பதிவாக வெட்டும்போது கூற்று ஒரு பதிவிலும் விலக்கு இன்னொரு பதிவிலும் விழுந்துவிடும். சொற்பொழிவாளர், "கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கிருமிகள் அழியும். ஆனால் நைத்திரேற்று கிருமியன்று, கொதிக்கவைப்பதனால் அது நீங்காது" என்கிறார். இதன் முற்பகுதியை மாத்திரம் எடுத்து, "கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பீர்" என ஒரு பதிவு வெளியிடப்படுகின்றது. அதிலே பொய்யான சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும், அதனைப் படித்த தாய், நைத்திரேற்று மிகுந்த நீரைக் கொதிக்கவைத்து, அச்சமின்றிக் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பாள். கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறைவதால் நைத்திரேற்றின் செறிவு சற்றே கூடவுஞ் செய்யும். நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கவொட்டாது தடுக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளே இதனாற் பெரிதும் தாக்கப்படுவர்; அவர்தம் உதடும் தோலும் நீலநிறங் கொள்ளும்.

ஆதலின் அப்பதிவு பின்வருமாறு அமைதல் தகும்:

"ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்போர் கவனத்துக்கு: கிணற்று நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமிகள் அழியும், நைத்திரேற்று நீங்காது. உங்கள் கிணறு பரிசோதிக்கப்படவில்லையாயின், அல்லது ஓர் இலீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டதாயின், குழந்தையின் பாலுக்கு வேறு நல்ல நீரையே கொதிக்கவைத்துப் பயன்படுத்துக. குழந்தையின் உதடோ தோலோ நீலநிறமானால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க."

யாருக்கு உரியது என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. கூற்றும் விலக்கும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. ஆகவே ஒருவர் ஒன்றை விட்டு மற்றதைப் பிரதிசெய்தல் எளிதன்று. "இதனைக் குடியாதே" என்பதோடு நில்லாமல், "வேறெதனைக் கொள்வது" என்பதும் கூறப்பட்டுள்ளது.

இரண்டாவது தவறு அளவைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி குடிநீரில் நைத்திரேற்று ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆனால் ஆய்வுகூட அறிக்கைகள் சில நைத்திரேற்றை முழுமையாகக் குறியாது, அதிலுள்ள நைதரசனின் அளவை மாத்திரம் குறிக்கும். அவ்வாறு குறித்தால் அதே எல்லை 50 அன்று. ஏறக்குறைய 11 ஆகும். "எல்லை 50" என்று மாத்திரம் ஒரு பதிவு சொல்லுமாயின், நைதரசனாக 20 எனக் குறித்த அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் தம் கிணறு நல்லதென மகிழ்வார். அவ்விருபதை 4.43 ஆற் பெருக்கினால் நைத்திரேற்று 88 மில்லிகிராமுக்கு மேற்படும். அந்நீர் எல்லையைக் கடந்ததாகும். பேச்சிலே ஒருமுறை சொன்ன அலகு உரை முழுவதற்கும் போதும். பதிவுகளிலோ எண் வருமிடந்தோறும் அலகும், எப்பொருளின் அளவு என்பதும் வருதல் இன்றியமையாதது.

மூன்றாவது, வெட்டவே கூடாததை வெட்டுதல். நன்னீர் உவர்நீரின்மேல் மிதப்பதை விளக்கவரும் சொற்பொழிவாளர், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் அதன்கீழ் ஏறக்குறைய நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்னும் விதியைக் கூறலாம். கடல்நீர் நன்னீரைவிடச் சிறிதே அடர்த்தி கூடியது என்பதிலிருந்து இக்கணக்குப் பிறக்கின்றது. மண்டபத்தில் இது எச்சரிக்கையாகவே சொல்லப்பட்டது: நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி உயரக்கூடும் என்பதே அதன் கருத்து. அதனைத் தனியே எடுத்துப் பதிவாக்கினால், "எங்கள் காலடியில் நாற்பது மீற்றர் நன்னீர் உண்டு, ஆழத் தோண்டுவோம்" என்றே பலர் கொள்வர். ஆழத் தோண்டுவது உவரை எட்டுவதற்கு எளிய வழியாகும். இவ்வாறு படிப்படியாகச் சென்றாலன்றி விளங்காத விடயம் குறும்பதிவுக்கு உரியதன்று. செய்திமடலுக்கோ மலர்க் கட்டுரைக்கோ விடுதலே முறை.

பதிவுகளை வெளியிடும் ஒழுங்கும் பேச்சின் ஒழுங்கன்று. சொற்பொழிவாளர் கல்லிலே தொடங்கிக் குழந்தையிலே முடித்தார். பதிவுகள் குழந்தையிலே தொடங்கவேண்டும். தாமதத்தாற் கேடு விளையக்கூடியது முதலிலும், காத்திருக்கத்தக்கது பின்னும் வருக. மூன்று நாளைக்கு ஒன்றாக வெளியிட்டால் நான்கு பதிவுகளும் பத்து நாளில் முடியும். அளவறிந்து இறைத்தல் பற்றிய பதிவை மாத்திரம், கிணறுகளில் நீர் வற்றி உவர் தட்டும் கோடைக்கு ஒதுக்கிவைத்தாலும் பொருந்தும்.

செய்திமடற் குறிப்பு இப்பதிவுகளின் தொகுப்பன்று. அதனைப் படிப்பவர் கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ அமைதியாக இருந்து படிக்கின்றார்; அவருக்கு முழுத்தொடர்பும் வேண்டும். 200 சொற்களளவில், உரை எங்கு எப்போது நிகழ்ந்தது என்பதை ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டு, உரம் கல்லின் வெடிப்பு வழியே கிணற்றை அடைந்து குழந்தையைத் தீண்டும் தொடரை ஒழுங்காக எழுதுக. தலைவர் முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்பவற்றால் தொடங்கும் குறிப்பைப் படிப்பவர் பொருளை எட்டுமுன்பே விட்டுவிடுவர். அவை இறுதியில் ஒரு வரியில் வரலாம். பதிவுகள் வெளிவந்தபின் இக்குறிப்பை எழுதுவதில் ஒரு நன்மை உண்டு: இடையே வாசகர் கேட்ட வினாக்களுக்கு விடையையும் அதிற் சேர்க்கலாம்.

அவ்வினாக்களே வேலை செவ்வையாயிற்றா என்பதற்குச் சிறந்த உரைகல். பதிவை விரும்பியோர் தொகை அதனைக் காட்டாது. "எங்கள் கிணற்று அறிக்கையில் இவ்வாறுள்ளது, இது நைத்திரேற்றா, நைதரசனா?" என ஒருவர் வினவின், பதிவு சென்றடைந்தது. "அப்படியானால் எந்த நீரைக் குடிப்பது?" எனப் பலர் வினவின், பதிவிலே ஒரு குறை உளது. வெளியிடுமுன்பே இதனை அறிய ஒரு வழியுண்டு: மண்டபத்துக்கு வராத ஒருவருக்குப் பதிவை வாசித்துக்காட்டி, அவர் அதனால் என்ன செய்யப்போகின்றார் எனக் கேட்பது. அவர் சொல்லும் விடை சொற்பொழிவாளரின் கருத்தோடு பொருந்தாதாயின் பதிவை மாற்றி எழுதுக.

பிழை வெளிவந்துவிட்டால் என் செய்வது? வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆயினும் அதற்குள் பிறர் எடுத்து அனுப்பிய பிரதிகள் திருந்தமாட்டா. ஆகவே பழைய பதிவை அழித்துவிட்டு மௌனமாயிருத்தல் போதாது. "இத்திகதியில் வந்த பதிவில் இவ்வாறு இருந்தது, சரியானது இது" எனப் புதிய பதிவொன்றை அதே குழுக்களுக்கு அனுப்பி, மூலப்படியிலும் அத்திருத்தத்தைத் திகதியுடன் குறித்தல் வேண்டும். பழைய பிரதி ஒருவர் கைக்கு ஓராண்டின் பின்னர் வந்தாலும், அதன் ஈற்றிற் குறித்த மூலப்படியை நாடுபவர் திருத்தத்தை அங்கே காண்பர்.