வட்டி ஏறினாலும் இறங்கினாலும் 8.40

2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.50. ஒன்பது மாதத்துக்குள் மாறும் வட்டியில் கடன் வைத்திருந்த தொழில்களின் வட்டிச் செலவு கணிசமாக ஏறிவிட்டது. 2025-இல் காற்று திரும்பியது. ஜூனுக்குள் ரெப்போ 5.50-க்கு இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் வட்டியை நிலையான வட்டியாக்கிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் வட்டி விகித ஸ்வாப். இந்தியாவில் 1999 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரு நூற்பாலை 50 கோடி ரூபாய் கடன் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி, சந்தையின் அடிப்படை விகிதம் எதுவோ அதற்கு மேல் 2 சதவீதம். அடுத்த மூன்று ஆண்டுக்கு வட்டிச் செலவு எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே ஒரு வங்கியுடன் ஸ்வாப் போடுகிறார்: ஆலை 6.40 சதவீதம் நிலையாகக் கொடுக்கும், வங்கி அடிப்படை விகிதத்தைக் கொடுக்கும். 50 கோடி என்பது இங்கே கணக்குக்கான தொகை மட்டும். அது யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகாது. கடன் வேறு ஒப்பந்தம், ஸ்வாப் வேறு ஒப்பந்தம். இரண்டும் தனித்தனியாக ஓடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் காலத்தில் 182 நாள். அடிப்படை விகிதம் 7.20 என்று நிர்ணயமாகிறது. வங்கி 7.20 தர வேண்டும், ஆலை 6.40 தர வேண்டும். இரண்டையும் முழுதாகக் கொடுத்து வாங்குவதில்லை, வித்தியாசமான 0.80 மட்டும் கைமாறும். 50 கோடிக்கு ஆண்டுக்கு 40 லட்சம். அதை 182-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 19,94,521 ரூபாய். வங்கி ஆலைக்குத் தருகிறது. அரையாண்டுதானே என்று 20 லட்சம் எழுதினால் ஐயாயிரத்துச் சொச்சம் உதைக்கும். வங்கிகள் நாள் எண்ணித்தான் கணக்குப் போடும்.

தேர்வு எழுதுகிறவர்களும் சில கணக்காளர்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடனின் முழு வட்டி 9.20 என்பதால் அதிலிருந்து 6.40-ஐக் கழித்துவிடுவார்கள். அந்த 2 சதவீதம் கடன் கொடுத்தவருக்கு உரியது. ஸ்வாப்புக்குள் அதற்கு இடமில்லை.

அடுத்த காலம் 183 நாள். விகிதம் 5.30-க்கு விழுகிறது. இப்போது ஆலை தர வேண்டியது அதிகம்: வித்தியாசம் 1.10, தொகை 27,57,534 ரூபாய், இந்த முறை ஆலையின் கணக்கிலிருந்து போகிறது. வங்கிக்கு 27 லட்சம் தண்டம் அழுதோம் என்று இயக்குநர் கூட்டத்தில் யாராவது கொதிப்பார்கள். கடன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் காலத்தில் கடனுக்கு 9.20 கட்டி, ஸ்வாப்பில் 0.80 வாங்கினார்கள்: 8.40. இரண்டாவது காலத்தில் கடனுக்கு 7.30, ஸ்வாப்புக்கு 1.10: அதுவும் 8.40. ரூபாயில் 2,09,42,466, பிறகு 2,10,57,534. வித்தியாசம் அந்த ஒரு நாளுக்கு உரியது. ஸ்வாப் போட்டதே இந்த 8.40-க்காகத்தான். வட்டி இறங்கியபோது அந்த லாபம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் நியாயமானது, ஆனால் அது ஒப்பந்தம் போட்ட அன்றே விட்டுக்கொடுத்தது.

இந்த 8.40 நிற்க இரண்டு நிபந்தனை உண்டு. கடனும் ஸ்வாப்பும் ஒரே அடிப்படை விகிதத்தைப் பின்பற்ற வேண்டும். இந்தியச் சந்தையில் அதிகம் புழங்கும் ஸ்வாப்புகள் மைபார் என்ற ஒருநாள் வங்கிக் கடன் விகிதத்தில் ஓடுகின்றன. கடனோ வங்கியின் எம்.சி.எல்.ஆர்-இல் இருக்கலாம். மைபார் உடனே விழும், எம்.சி.எல்.ஆர் நிதானமாக இறங்கும். அந்த இடைவெளியில் ஆலை இரண்டு பக்கமும் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது, கடனும் ஸ்வாப்பும் ஒன்றாக முடிய வேண்டும். ஓராண்டு கழித்து நல்ல விலைக்கு நிலம் விற்று ஆலை கடனை அடைத்துவிட்டால் ஸ்வாப் தானாக மறையாது. மீதி இரண்டு ஆண்டுக்குச் சந்தையில் 5.30-க்கு ஸ்வாப் கிடைக்கும் நிலையில், 6.40 தருவதாக ஒப்புக்கொண்டவர் வெளியேற ஆண்டுக்கு 55 லட்சம் வீதம் வரும் இழப்பின் இன்றைய மதிப்பைக் கட்ட வேண்டும். ஒரு கோடிக்குச் சற்று மேல். பிரிட்டனில் இங்கிலாந்து வங்கி தன் வட்டியை 2008 அக்டோபர் தொடக்கத்தில் இருந்த 5 சதவீதத்திலிருந்து 2009 மார்ச்சில் 0.5-க்குக் கொண்டுவந்தபோது, சிறு தொழில் செய்தவர்கள் பலர் இந்தத் தொகையைப் பார்த்துத்தான் அதிர்ந்தார்கள். வெளியேற இவ்வளவு ஆகலாம் என்று விற்றபோது வங்கிகள் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் கண்ட குறைகளில் ஒன்று. கையெழுத்திடும் முன், வட்டி 2 சதவீதம் இறங்கினால் வெளியேற எவ்வளவு ஆகும் என்று ரூபாயில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.