கடைசி நேரத்தில் திரும்பி வரும் கட்டுரை

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பிப்புத் தளம் ஏற்க மறுப்பதற்கு அடிக்கடி காரணமாவது எழுத்துரு. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துரு பதிக்கப்படாவிட்டால், வேறு கணினியில் எழுத்துகள் உருமாறிவிடலாம். அதனால் பல தளங்கள் அத்தகைய கோப்பைத் திருப்பி அனுப்புகின்றன.

சோதிக்க ஒரு கட்டளை போதும்:

```
pdffonts paper.pdf
```

`emb` என்ற பத்தியில் `no` என்றிருந்தால் அந்த எழுத்துரு பதியவில்லை. பெரும்பாலும் குற்றவாளி, வேறு மென்பொருளில் வரைந்து ஒட்டிய வரைபடம்தான். அதை எழுத்துரு பதித்து மறுபடி ஏற்றுமதி செய்தால் சரியாகும்.

அப்படியும் தளம் மறுத்தால், கெடு முடியுமுன் அமைப்பாளர்களுக்கு எழுத வேண்டும். "கட்டுரை எண் இது, வந்த பிழைச்செய்தியின் படத்தையும் முழுமையான பிடிஎஃப்பையும் இணைத்துள்ளேன். உள்ளடக்கம் மாறாது, வடிவத்தைச் சரிசெய்ய மட்டும் 24 மணி நேரம் தர இயலுமா?" என்று கேட்டால் போதும். இணைத்த கோப்பே கட்டுரை முன்பே முடிந்ததற்குச் சாட்சி.

கெடுவின் அருகே 'ஏஓஇ' என்றிருந்தால், இரவு 11.59 என்பது இந்தியாவில் மறுநாள் மாலை 5.29. சில வேளை அவகாசம் கேட்கவே தேவையிராது.