புனே கோர்ட்டில் போய் நிற்பதற்கு முன்

‘ஒப்பந்தம் இணைத்துள்ளேன். பார்த்துச் சொல்லவும். அவசரம்.’

விற்பனைப் பிரிவிலிருந்து சட்டப் பிரிவுக்குப் போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் இவ்வளவுதான். வக்கீலுக்கு ஷரத்துகளைப் படிக்கத் தெரியும். பட்டறையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதை எழுத வேண்டியவர் அனுப்புகிறவர்தான்.

பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனம் கோவையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 20 லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்குவதாக, புனேயிலுள்ள பெரிய கம்பெனி ஒன்று ஓராண்டு ஒப்பந்தம் அனுப்புகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். லாபம் எட்டு சதவீதம், அதாவது மாதத்துக்கு 1,60,000 ரூபாய்.

சரக்கு தாமதமானால் வாரத்துக்கு ஒரு சதவீதம் பிடித்தம் என்கிறது ஒரு ஷரத்து. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் எதில் ஒரு சதவீதம்? தாமதமான சரக்கின் மதிப்பில் என்றால் வாரம் 20,000 ரூபாய், சமாளிக்கலாம். ‘ஒப்பந்த மதிப்பில்’ என்றிருந்தால் ஓராண்டின் 2 கோடியே 40 லட்சத்தில் கணக்காகும். ஒரு வாரத் தாமதத்துக்கு 2,40,000 ரூபாய். அந்த மாத லாபத்தையும் தாண்டிவிடும். இதற்கு உச்சவரம்பும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே கடிதத்தில் இப்படி எழுதலாம்:

‘ஷரத்து 14: தாமதப் பிடித்தம் மொத்த ஒப்பந்த மதிப்பில் கணக்கிடப்படுகிறது, வரம்பு இல்லை. வார்ப்பு வந்துசேராததால் சென்ற ஆண்டு இரண்டு முறை நமக்கு மூன்று வாரம் தாமதமானது. தாமதமான சரக்கின் மதிப்பில் மட்டும் கணக்கிட்டு, ஐந்து சதவீதத்தோடு நிறுத்தினால் நமக்குச் சம்மதம்.’

வார்ப்பு தாமதமான கதை சட்டப் பிரிவுக்கு வேறெப்படித் தெரியும்? எதுவரை இறங்கலாம் என்பதும் இதில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வக்கீல் எல்லாவற்றையும் அடித்துத் திருத்துவார், எதிர்த்தரப்பு முறுக்கிக்கொள்ளும்.

‘இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இருக்கிறதே, குறித்த தொகை மேல்வரம்புதான், நியாயமான இழப்பீடுதானே கிடைக்கும்’ என்று சிலர் தைரியம் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் பணம் வாங்குபவர் கையில் இருக்கிறது. பில்லில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடுவார். அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட வேண்டியவர் நீங்கள். எங்கே போடுவது என்பதை இன்னொரு ஷரத்து சொல்லும்: ‘புனே நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு உட்பட்டது.’

இந்த ஒரு வரிக்காகச் சேலத்து நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. குஜராத் நிறுவனத்தோடு ஜரிகை நூல் வியாபாரம். ஒப்பந்தத்தில் கைரா நீதிமன்றம் என்றிருந்தது. ‘மட்டுமே’ என்பது போன்ற சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்று 1989இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதை நம்பி இப்போது கையெழுத்திட முடியாது. 2013இல் இந்தியன் ஆயில் சம்பந்தப்பட்ட வழக்கில், ‘மட்டுமே’ இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறித்தால் மற்ற ஊர்களை விலக்கியதாகவே பொருள் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது, 90 நாளில் பணம் என்ற ஷரத்து. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது, இரு தரப்பும் எழுதிக்கொண்டாலும் செல்லாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. உத்யம் பதிவு எண்ணையும் பதிவான தேதியையும் கடிதத்திலேயே கொடுத்துவிட்டால் வக்கீலுக்குத் தேடும் வேலை மிச்சம்.

இனி கெடு. ‘வெள்ளிக்குள்’ என்றால் சட்டப் பிரிவு வெள்ளி மாலைதான் பதில் தரும். திருத்தங்களைப் படிக்க எதிர்த்தரப்புக்கும் இரண்டு நாள் வேண்டாமா? எனவே உங்களுக்குத் தேவையான பதில் செவ்வாய் மாலைக்கானது. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். அவர்கள் உற்பத்தி தொடங்கும் நாளா, வெறுமனே அவர்கள் சொன்ன நாளா? இரண்டாவதென்றால் நாள் கேட்கலாம்.

ஸ்கேன் செய்த பிரதியை அனுப்பாமல் திருத்தக்கூடிய வேர்ட் கோப்பை வாங்கி அனுப்புவது நல்லது. ‘எங்கள் பொதுக் கொள்முதல் நிபந்தனைகள் பொருந்தும்’ என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அந்த நிபந்தனைகளும் கூடவே போக வேண்டும். நீங்கள் போராடி நீக்கும் ஷரத்து அங்கே இன்னொரு முறை உட்கார்ந்திருக்கலாம்.

கடிதத்தின் ஒரு நகல் ஸ்டோர்ஸுக்கும் போகட்டும். வக்கீல் படித்துக்கொண்டிருக்கும்போதே முதல் லாரி புனேக்குக் கிளம்பிவிட்டால், சொன்ன நிபந்தனைப்படி நடந்துகொண்டதே சம்மதம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடலாம்.